37 நாள் அணைந்து கிடந்த போன்: கணக்குவழக்குக்கு வட்ஸ்அப்பா, டெலிகிராமா?

கந்தப்பளைப் பக்கத்தில் பதினொரு பேரிடம் மரக்கறி எடுத்து லொறியில் தம்புள்ளைக்கு அனுப்புகிறேன். கரட், லீக்ஸ், கோவா, சீசனில் போஞ்சி. யார் எத்தனை கிலோ போட்டார், தராசுத் துண்டு என்ன சொல்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் வட்ஸ்அப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. போனில் பார்ப்பது குறைவு, வீட்டில் லெப்டொப்பில் இணைத்து வைத்து இரவில் அதில்தான் கணக்கு எழுதுவேன்.

மே 3ஆம் திகதி லொறியில் தார்ப்பாய் கட்டும்போது மழையில் போன் நனைந்து செத்துப்போனது. திருத்தக் கொடுத்த இடத்தில் பாகம் வர வேண்டும் என்றார்கள், வந்து சேர ஜூன் 9 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் எனக்குப் பதற்றமே இல்லை, ஏனென்றால் லெப்டொப்பில் எல்லாம் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. 2021க்குப் பிறகு வட்ஸ்அப்பில் போன் இணையத்தில் இல்லாவிட்டாலும் இணைத்த கருவி தனியாக வேலை செய்யும், அது உண்மை. ஆனால் அதற்கு ஒரு எல்லை இருக்கிறது. முதன்மைப் போனில் 14 நாளுக்கு மேல் வட்ஸ்அப்பைத் திறக்காமல் விட்டால் இணைத்த கருவிகள் எல்லாம் வெளியேற்றப்படும். இது உதவிப் பக்கத்தில் எழுதி இருக்கிற விதிதான், படிக்காமல் விட்டது என் பிழை. மே 17க்குப் பிறகு ஒரு காலையில் லெப்டொப்பைத் திறந்தால், பெயர் வரிசை இருந்த இடத்தில் வெறும் கியூஆர் கட்டம். அதை ஸ்கேன் பண்ணப் போன் இல்லை.

அப்போதும் பெரிதாகக் கவலைப்படவில்லை. போன் வந்ததும் எல்லாம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். பெரும்பகுதி இறங்கியதும் உண்மைதான். எது இறங்கவில்லை என்பதுதான் இந்த ஒப்பீட்டுக்கே காரணம், அதனால் அதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

வட்ஸ்அப் உங்கள் பழைய பேச்சுகளை சேர்வரில் சேமித்து வைப்பதில்லை. ஒருவர் செய்தி அனுப்பினால் உங்கள் போனுக்கு ஒரு பிரதி, லெப்டொப்புக்கு ஒரு பிரதி என்று தனித்தனியாகப் பூட்டப்பட்டுப் போகிறது. லெப்டொப் இணையத்தில் இருந்தால் அதன் பிரதி உடனே சேர்ந்துவிடும். போன் அணைந்திருந்தால் போனுக்கான பிரதி சேர்வரில் காத்திருக்கும், ஆனால் 30 நாள்தான். அதற்குள் போய்ச் சேராவிட்டால் அழிக்கப்படும். இப்போது என் திகதிகளை வைத்துப் பாருங்கள். போன் உயிர்பெற்றது ஜூன் 9. அதிலிருந்து 30 நாள் பின்னால் போனால் மே 10. மே 10க்குப் பின் வந்தவை போனில் இறங்கின. மே 3 முதல் மே 10 வரை வந்தவற்றின் போன் பிரதி காலாவதியாகிவிட்டது. அந்த ஒரு வாரம் முழுதாக இருந்த ஒரே இடம் லெப்டொப். அது வெளியேற்றப்பட்டபோது அதிலிருந்த பேச்சுகளும் அதோடு அழிந்துவிட்டன. மறுபடி இணைத்தால் போனில் இருப்பதைத்தான் லெப்டொப்புக்கு அனுப்பும், அதுவும் ஏறத்தாழ ஓராண்டு அளவுக்கு. போனிலேயே இல்லாததை எங்கிருந்து அனுப்பும்?

இதில் மனதுக்கு எட்டாத விஷயம் ஒன்று இருக்கிறது. லெப்டொப் வெளியேறிய பிறகு வந்த, நான் கண்ணாலேயே பார்க்காத செய்திகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. நான் படித்து, பதில் போட்டு, "சரி அண்ணே, 186 கிலோ எழுதிட்டேன்" என்று சொன்னவைதான் தொலைந்தன. என் பதில்களும் சேர்ந்தே போயின. ஏனென்றால் லெப்டொப்பில் தட்டி அனுப்பினாலும் அதன் பிரதி போனுக்கும் போய்ச் சேர வேண்டும், அதற்கும் அதே 30 நாள்தான்.

பேக்கப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். பேக்கப் எடுப்பது போன். அணைந்து கிடந்த போன் எதை எடுக்கும்? கடைசி பேக்கப் மே 3 அதிகாலை 2 மணிக்கு எடுத்தது, அதற்குப் பிந்தியது எதுவும் அதில் இல்லை. இன்னொரு வழியும் யோசித்தேன், சிம்மை எடுத்துத் தம்பியின் போனில் போட்டு அதே எண்ணைப் பதிவு செய்தால் என்ன என்று. அப்படிச் செய்தால் அந்தப் போன்தான் புது முதன்மைப் போன். பதிவான அந்த நிமிடமே லெப்டொப் வெளியேறிவிடும், புதுப் போன் கடைசி பேக்கப்பில் இருந்து தொடங்கும், லெப்டொப்பில் இருப்பதைப் போனுக்கு ஏற்றவும் முடியாது. ஆகவே முதல் வாரத்திலேயே அப்படிச் செய்திருந்தால் 14 நாள் காத்திருக்காமல் அன்றைக்கே லெப்டொப்பில் இருந்ததை இழந்திருப்பேன். லெப்டொப்பில் தேவையானதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் செய்தால் பரவாயில்லை.

எனக்கு மிஞ்சியவை என்னவென்றால், அந்த வாரம் லெப்டொப்பில் டவுன்லோட் பண்ணி வைத்திருந்த ஆறு தராசுத் துண்டுப் படங்கள். கோப்பாகச் சேமித்தது கோப்பாகவே இருக்கும், வெளியேற்றத்தால் அதற்கு ஒன்றும் ஆகாது. மற்றதற்கு அனுப்பியவர்களிடம் போய் நின்றேன், அவர்கள் போனில் அவர்கள் அனுப்பியது இருக்குமே. எட்டுப் பேர் திரும்ப அனுப்பினார்கள். ஒரு அண்ணன் மட்டும், "தம்பி, போன் நிரம்பிப் போச்சுன்னு நான் எல்லாத்தையும் அழிச்சிட்டேனே" என்றார். அவர் 186 என்கிறார், என் நினைவில் 168. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, லொறிக்காரரின் நனைந்து ஒட்டிக்கிடந்த கொப்பியைத் தாள் தாளாகப் பிரித்துப் பார்த்தோம். 186தான். அவர் சொன்னது சரி. கொப்பி இல்லாமல் இருந்தால் 18 கிலோ கரட்டின் காசை அவருக்கு நான் குறைத்துக் கொடுத்திருப்பேன், அதை நினைத்தால் இன்றைக்கும் ஒருமாதிரி இருக்கிறது.

சரி, டெலிகிராம். ஜூன் முடிவில் கணக்கு சம்பந்தப்பட்டதை எல்லாம் அதற்கு மாற்றினேன், நான் சாய்வது இந்தப் பக்கம்தான் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். காரணம் ஒன்றே ஒன்று: அதில் முதன்மைப் போன் என்று ஒன்று இல்லை. சாதாரண டெலிகிராம் பேச்சுகள் அவர்களுடைய சேர்வரில் இருக்கின்றன, போனும் லெப்டொப்பும் அதைப் பார்க்கும் சன்னல் மட்டும். போன் மூன்று மாதம் அணைந்து கிடந்தாலும் லெப்டொப்பில் ஒன்றும் நடக்காது. உள்ளே நுழையும் குறியீடு ஏற்கனவே திறந்திருக்கும் கருவிக்கே வரும் என்பதால், சிம் கையில் இல்லாமலும் இன்னொரு போனில் நுழையலாம்.

வெளியேற்றம் அங்கேயும் உண்டு. Settings, Devices பக்கத்தில் ஒரு கருவி எத்தனை காலம் பயன்படாமல் இருந்தால் வெளியேற்றலாம் என்று நாமே வைக்கலாம், ஒரு வாரம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று. முக்கியமான வித்தியாசம், அந்த நாள் கணக்கு அந்தந்தக் கருவிக்குத் தனி. போன் தூங்கியதற்காக லெப்டொப்பை வெளியேற்றாது. வெளியேற்றினாலும் மறுபடி நுழைந்தால் எல்லாம் அப்படியே இருக்கும். போனதென்றால் போவது சீக்ரெட் சட் மட்டும்தான், அது ஆரம்பித்த கருவியிலேயே கட்டுண்டது. நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

இதற்குக் கொடுக்கும் விலையும் சின்னதல்ல. வட்ஸ்அப்பில் பேச்சை இரண்டு முனையில் இருப்பவர்கள் மட்டுமே படிக்க முடியும். டெலிகிராமின் சாதாரணப் பேச்சு அப்படி இல்லை, திறப்பு அந்த நிறுவனத்திடம் இருக்கிறது. கோவா எடைக்கு இது பரவாயில்லை, வீட்டு விஷயத்துக்கும் அடையாள அட்டைப் படத்துக்கும் நான் அதைத் தொடமாட்டேன். இரண்டாவது, தனிப் பேச்சில் எதிரில் இருப்பவர் எப்போது வேண்டுமானாலும் இரண்டு பக்கமும் செய்தியை அழிக்கலாம், நீங்கள் அனுப்பியதைக்கூட. ஆகவே கணக்கைத் தனிப் பேச்சில் வைக்காமல் ஒரு குரூப்பில் வைத்தேன், அங்கே மற்றவர் செய்தியை அழிக்க அட்மினால்தான் முடியும். மாதக் கடைசியில் கணினி டெலிகிராமில் Export chat history கொடுத்து ஒரு பிரதியை பென்டிரைவில் போடுகிறேன், ஐந்து நிமிட வேலை. இரட்டைச் சரிபார்ப்புக் கடவுச்சொல்லையும் போட்டுவிடுங்கள், எண் வேறொருவர் கைக்குப் போனால் அது ஒன்றுதான் தடுப்பு.

பெரிய தடை ஆட்கள்தான். பதினொரு பேரில் நாலு பேர்தான் டெலிகிராமுக்கு வந்தார்கள், மற்றவர்கள் வட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள், அவர்களை வற்புறுத்த எனக்கும் மனமில்லை. அவர்கள் அனுப்பும் துண்டுப் படத்தை லெப்டொப்பில் சேமித்து அன்றிரவே டெலிகிராம் குரூப்பில் நானே போட்டுவிடுகிறேன். குரல் செய்தி என்றால் எடையை மட்டும் எழுதிப் போடுவேன். நான் வைத்திருப்பது அண்ட்ரொய்ட், ஐபோனில் கைபடப் பழக்கமில்லை.

வட்ஸ்அப்பிலேயே இருக்கப் போகிறவர்களுக்கு, போன் செத்தால்தான் இப்படி ஆகும் என்று நினைக்க வேண்டாம். நம்ம பக்கம் நிறைய வீடுகளில் அம்மாவின் பழைய போனில் எண் இருக்கும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை அதைத் தன் லெப்டொப்பில் இணைத்து வைத்திருப்பார். லயத்தில் போனுக்கு டேட்டா போடவில்லை, சிக்னலுக்கு மேட்டுக்கு ஏற வேண்டும், போன் அலுமாரிக்குள் போய்விட்டது என்றாலும் அதே 14 நாள்தான். பத்து நாளுக்கு ஒரு தடவை யாருடைய ஹொட்ஸ்பொட்டிலாவது இணைத்து வட்ஸ்அப்பைத் திறந்து, செய்திகள் இறங்கி முடியும் வரை திரையை மூடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போன் திருத்தப் போய்விட்டது, 14 நாளில் வராது என்று தெரிந்தால் 12ஆம் நாளுக்குள் லெப்டொப்பில் உட்கார்ந்து படங்களைக் கோப்பாகச் சேமித்து, தொகைகளைப் பிரதி எடுத்து ஒரு தாளில் ஒட்டிவிடுங்கள். வெளியேற்றப்பட்டுவிட்டதா, அப்போது எண்ண வேண்டியது 30. போன் செத்த நாளில் இருந்து 30 தாண்டுவதற்குள் அது ஒரு தடவையாவது இணையத்துக்கு வந்துவிட்டால் எதுவும் போகாது. தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் ஆரம்பத்தில் இருந்து ஒரு நாள் கழியும். எனக்கு ஏழு நாள் தாண்டியது.