நெருக்கமாக வெட்டப்பட்ட முகப்படத்தை விரிப்பது: ஏஐயா, கைவேலையா?

திருப்பாதிரிப்புலியூரில் என் ஸ்டுடியோவுக்குச் சென்ற மாதம் ஒரு பெண் தம் தந்தையின் படத்தைக் கொண்டுவந்தார். காரியத்துக்குள் 12×18 அங்குலச் சட்டத்தில் மாட்ட வேண்டும். யாரோ 1200×1600 பிக்சலுக்கு வெட்டியிருந்ததில் உச்சந்தலையும் இடது காதின் பாதியும் போயிருந்தன. மேலே 500, கீழே 300, இருபுறமும் 200 பிக்சல் விரித்தால்தான் முகம் சட்டத்தில் மூச்சுவிடும்.

வழிகள் மூன்று. உரையாடல் வகை ஏஐ கருவியிடம் படத்தை ஒப்படைத்தால் அது முழுப் படத்தையும் புதிதாக வரைந்துவிடுவதால், கண்ணும் உதடும் நாம் கேளாமலே மாறும். நினைவுப் படத்துக்கு அது ஆகாது. ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் எக்ஸ்பாண்ட், விரித்த பகுதியைத் தனி லேயரில் தருகிறது. அடியில் உள்ள மூலப்படம் அப்படியே இருக்கும். மூன்றாவது, பின்னணியைக் கையால் நிரப்பி, விடுபட்ட உறுப்புகளை வேறு படத்திலிருந்து ஒட்டுவது.

எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆனால் வெட்டுக்கோடு எதன் மேல் ஓடுகிறது என்பதைப் பார்த்த பிறகே அதைத் தொடுவேன். சுவர், சட்டை, தோள் இவற்றின் மேல் ஓடினால் கருவி எதைக் கற்பனை செய்தாலும் நட்டமில்லை. தலையின் மேல் ஓடினால், அது நிரப்புவது அந்த மனிதரை அல்ல, அந்த வயதுக்குப் பொருத்தமான யாரோ ஒருவரை. முதல் முயற்சியில் அடர்ந்த முடி வந்தது. அந்தப் பெண், "அண்ணா, அப்பாவுக்கு உச்சியில் வழுக்கைங்க" என்றார். காதும் அழகாகத்தான் வந்தது, ஆனால் சிறுவயதில் குத்திய துளை அதில் இல்லை.

ஆகவே மூலப்படம் எடுத்த அதே திருமண மண்டபத்தில் ஏறத்தாழ அதே கோணத்தில் எடுத்த இன்னொரு படத்தை வாங்கி, உச்சந்தலையையும் காதையும் அளவும் நிறமும் பொருத்தி ஒட்டினேன். பின்னணித் திரைக்கும் தோளுக்கும் மட்டும் எக்ஸ்பாண்ட். 1600 பிக்சல் அகலத்தை ஒரே வீச்சில் நிரப்பச் செய்தபோது திரை மங்கலாக வந்தது. என்னிடமுள்ள பழைய பதிப்பு 1024 பிக்சலுக்குள் உருவாக்கி இழுத்து நீட்டுவதே காரணம். இரண்டு துண்டுகளாக, சற்று மேற்படிய நிரப்பி, மூலப்படத்தின் மணிமணியான இரைச்சலுக்கு ஏற்பக் கொஞ்சம் இரைச்சல் சேர்த்ததும் இணைப்பு மறைந்தது.

முகம் தப்பியதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. முடித்த படத்தின் மேல் மூலப்படத்தை அதே இடத்தில் வைத்து, லேயர் முறையை `Difference` என்று மாற்றினால், மாறாத இடம் முழுக் கறுப்பாகத் தெரியும். முதல்முறை இப்படிப் பார்த்தபோது நெற்றியோரம் மெல்லிய சாம்பல் பட்டை தெரிந்தது: விளிம்பு கலக்க வேண்டும் என்று நான் தேர்வை முகத்துக்குள் சற்று நீட்டியிருந்தேன். அந்த லேயரின் மாஸ்க்கில் நெற்றியைக் கறுப்பால் தீட்டியதும் பட்டை போயிற்று.

எக்ஸ்பாண்ட் மட்டும் என்றால் பத்து நிமிடம். இப்படிச் செய்ய இரண்டரை மணி நேரம் ஆயிற்று. பூ வைத்த கொண்டை வெட்டுப்பட்ட படங்களை ஓரிரண்டுதான் செய்திருக்கிறேன், அதனால் அவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல மாட்டேன். வேறு படமே இல்லை என்று யாராவது வந்தால், வெட்டுப்பட்ட பக்கத்தை விரிக்காமல் சட்டத்தின் அளவைக் குறைக்கத்தான் சொல்வேன்.