கீழ்முதுகு வலிக்குக் கருவிச் சிகிச்சையா, பயிற்சியா?

நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர்கள் கீழ்முதுகு வலியோடு எங்கள் கிளினிக்குக்கு வரும்போது, பெரும்பாலும் எதிர்பார்ப்பது படுக்கவைத்துக் கருவி பொருத்தும் சிகிச்சையைத்தான். அல்ட்ராசவுண்ட், மின்தூண்டல், இடுப்பை இழுக்கும் டிராக்‌ஷன் ஆகியவற்றை நாங்களும் முன்பு தாராளமாகக் கொடுத்தோம். இப்போது அந்த நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டோம்.

கருவியில் சிலருக்கு உடனே இதம் கிடைக்கிறது. நோயாளி சிரமப்பட வேண்டியதும் இல்லை. பயிற்சியில் முதல் இரண்டு வாரங்கள் தசைவலி சற்றுக் கூடவும் செய்யலாம். ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது, சிகிச்சைக்கு வருவது நின்ற பிறகு என்ன மிஞ்சுகிறது என்ற கேள்வி. கீழ்முதுகு வலி பலருக்கும் திரும்பத் திரும்ப வரக்கூடியது. திரும்பி வரும்போது, கருவியை மட்டும் நம்பியவர் மீண்டும் எங்கள் படுக்கையைத்தான் தேடி வர வேண்டியிருக்கிறது. பயிற்சி கற்றவரிடம் வீட்டிலேயே செய்வதற்கு ஒரு வழி இருக்கிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலி குறித்து உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பயிற்சியைப் பரிந்துரைத்து, அல்ட்ராசவுண்டையும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது.

எங்களிடம் வந்த ஒருவருக்கு அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குதல், முட்டியிட்டுக் கைகளை ஊன்றி எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுதல், முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிதல் ஆகிய மூன்றை மட்டும், பத்துப் பத்து முறை, நாளுக்கு இரு வேளை கொடுத்தோம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும் சொன்னோம். பயிற்சியின்போது வரும் இலேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் தொடரலாம், வலி காலில் கீழ்நோக்கி இறங்கினால் நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்ல வேண்டும் என்பதே அவருக்குக் கொடுத்த அளவுகோல். ஆறாவது வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடிந்தது. பின்னர் நீண்ட பயணமொன்றில் வலி திரும்பியது. அவர் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து மீண்டும் தொடங்கினார், சில நாட்களில் அடங்கியது. எல்லோருக்கும் இதே வேகத்தில் குறையும் என்றோ, வலி இனி வரவே வராது என்றோ நாங்கள் சொல்வதில்லை.

வலி மிகக் கடுமையாக இருக்கும் முதல் சில நாட்களில் வெந்நீர் ஒத்தடத்தை இன்றும் தருகிறோம். அசைவதற்கான துணிச்சலை அது கொடுக்கிறது. முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் எங்களிடம் குறைவாகவே வந்திருப்பதால், அவர்களுக்கு அறுவை மருத்துவரின் ஆலோசனையோடு மட்டுமே பயிற்சி தொடங்குகிறோம். சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும், தொடைகளுக்கு இடையே மரத்துப்போனாலும், கால் வலுவிழந்துகொண்டே வந்தாலும் பயிற்சியும் வேண்டாம், கருவியும் வேண்டாம்; அந்த நேரமே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.