k முறை பங்கு வியாபாரம்: டிபி அட்டவணையா, ஏற்றக் கூட்டலா?

n நாட்களின் பங்கு விலைகள் தெரியும், அதிகபட்ச லாபம் வேண்டும். உதாரணமாக ஆறு நாள் விலைகள் 1, 5, 3, 8, 2, 6. அதிகபட்சம் k முறை வாங்கி விற்கலாம். ஒரு நேரத்தில் கையில் ஒரு பங்குதான்.

வேலை: டிபி, அதாவது டைனமிக் புரோகிராமிங் முறைக்கு n × k படிகள். தினசரி ஏற்றங்களை மட்டும் கூட்டினால் n போதும்.

நினைவகம்: டிபி-க்கு k நீளத்தில் இரண்டு வரிசைகள், k நூறு கோடி என்றால் நிரல் அங்கேயே படுத்துவிடும். கூட்டலுக்கு ஒரு மாறி.

விடை: k = 2 என்றால் டிபி 11 தரும் (1→8, 2→6). கூட்டல் 4 + 5 + 4 = 13 என்னும்; அது மூன்று பரிவர்த்தனை, செல்லாது.

ஒரு பரிவர்த்தனைக்கு வாங்க ஒரு நாள், விற்க ஒரு நாள். விற்ற நாளிலேயே மறுபடி வாங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதனால் n/2-க்கு மேல் தேவையே வராது. `k >= n // 2` என்றால் கூட்டல், இல்லையென்றால் டிபிதான்.