எக்செல்லில் தலைப்பு வரியை உறைய வைப்பதும் பெயர் சூட்டுவதும்: பல வருட உபயோகத்துக்குப் பிறகு

பக்கத்து குடியிருப்பில் புதிதாகப் பொருளாளர் ஆன நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், தலைப்பை நிறுத்தி வச்சேன், ஆனா சங்கத்தோட பேர் மட்டும்தான் மேல நிக்குது, தேதி, தொகைன்னு போட்டிருக்கிற வரி ஓடிப் போயிடுது." எங்கள் சங்கக் கணக்கும் அதே அமைப்புதான் என்பதால் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

எங்கள் ஷீட்டில் முதல் வரி சங்கத்தின் பெயர், இரண்டாவது நிதியாண்டு, மூன்றாவதில்தான் உண்மையான தலைப்புகள்: தேதி, வீட்டு எண், வகை, ரசீது எண், தொகை. தரவு நாலாவது வரியில் ஆரம்பித்து, ஆண்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பல ஆயிரம் வரிகளுக்குப் போகிறது. View மெனுவில் Freeze Panes-ஐ அழுத்தினால் மூன்று தேர்வுகள் வரும். அதில் எல்லோரும் முதலில் தொடுவது Freeze Top Row. அது நிறுத்துவது ஒரே ஒரு வரியைத்தான், அதுவும் அந்த நேரத்தில் திரையில் மேலே தெரிகிற வரியை. நீங்கள் ஐம்பதாவது வரி வரை உருட்டியிருந்தால் ஐம்பதாவது வரிதான் தலைப்பாக நிற்கும், அதற்கு மேலே உள்ளவற்றுக்கு உருட்டிப் போகவே முடியாது. இடது ஓரத்து வரி எண் 1-க்குப் பதில் 50-இல் ஆரம்பித்தால் நடந்தது இதுதான், தரவு எங்கும் போகவில்லை. Unfreeze Panes கொடுத்துவிட்டு Ctrl+Home அழுத்தினால் A1-க்கு வந்துவிடலாம்.

எங்களைப் போல மூன்று வரித் தலைப்பு இருந்தால், முதல் வரி திரையில் தெரியும்படி வைத்துக்கொண்டு C4 செல்லில் நின்று Freeze Panes கொடுக்க வேண்டும். நிற்கிற செல்லுக்கு மேலே உள்ள வரிகளும் இடப்பக்கம் உள்ள பத்திகளும் உறையும் என்பதுதான் விதி, அதனால் மூன்று வரிகளோடு தேதியும் வீட்டு எண்ணும் சேர்ந்து நிற்கும். அதற்கப்புறம் Ctrl+Home அழுத்தினால் A1-க்குப் போகாமல் C4-க்கு வரும். முதலில் விநோதமாக இருக்கும், பழகினால் அதுதான் வசதி. இந்த அம்சத்தைப் பற்றி எனக்குப் புகாரே இல்லை. அச்சிடும்போது மட்டும் இது வேலைக்கு ஆகாது, ஒவ்வொரு தாளிலும் தலைப்பு வர Page Layout-இல் Print Titles போய் `$1:$3` என்று தனியாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

புகார் எல்லாம் செல்களின் தொகுப்புக்குச் சூட்டும் பெயர்களைப் பற்றி. முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் மாதத் தொகைகள் E4 முதல் E187 வரை என்றால் அதைத் தேர்ந்தெடுத்து, ஃபார்முலா பட்டிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்னப் பெட்டியில் (Name Box) ஒரு பெயர் தட்டி என்டர் அழுத்தினால் போதும். பிறகு அந்தப் பெட்டியின் அம்புக்குறியைத் தொட்டு மாதத்தைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை ஆயிரம் வரிக்குக் கீழே இருந்தாலும் அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் என்னவென்றால், போய்ச் சேரும்போதே அந்த மாதத் தொகைகள் முழுக்கத் தேர்வாகியிருக்கும் என்பதால் அடிப்பட்டையில் கூட்டுத்தொகை தானாகத் தெரிகிறது. கூட்டத்தில் யாராவது "ஆகஸ்ட் வசூல் எவ்வளவு?" என்று கேட்டால் ஃபார்முலா எழுதாமலேயே பதில் வந்துவிடும், பக்கத்திலேயே தேதியும் வீட்டு எண்ணும் உறைந்து நிற்கும். இதற்காகவே இந்த ஏற்பாட்டை இத்தனை வருஷமாக விடாமல் வைத்திருக்கிறேன்.

இப்போது கோபம். மாதத்துக்குப் பெயர் வைக்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது APR2024 தான். பெட்டியில் அதைத் தட்டி என்டர் அழுத்திப் பாருங்கள். பிழைச் செய்தி எதுவும் வராது, பெயரும் பதியாது, தேர்வும் போய்விடும். எக்செல் உங்களை APR என்ற பத்தியின் 2024-ஆவது வரிக்கு அனுப்பிவிடும். ஆமாம், அப்படி ஒரு செல் இருக்கிறது. 2003 பதிப்பு வரை பத்திகள் IV-யோடு முடிந்தன, மொத்தம் 256. 2007-இல் அது XFD வரை, 16,384 பத்திகளாக நீண்டது. அதோடு ஆங்கில மாதங்களின் மூன்றெழுத்துச் சுருக்கம் பன்னிரண்டும் பத்தி முகவரிகளாகிவிட்டன. APR என்பது 1110-ஆவது பத்தி.

இதில் கொடுமை, உறைய வைத்த பத்திகளும் இதற்குத் துணை போவதுதான். 2024-ஆவது வரியில் நமக்குத் தரவு இருக்கிறது, எனவே இடப்பக்கம் தேதியும் வீட்டு எண்ணும் ஒழுங்காகத் தெரியும், அதற்கு வலப்பக்கம் வகை, ரசீது, தொகை எதுவும் இல்லாமல் வெள்ளையாக இருக்கும். பார்ப்பவருக்குத் தொகைகள் எல்லாம் அழிந்துவிட்ட மாதிரியே இருக்கும். எங்கள் இணைச் செயலாளர் இதைப் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு ஃபோன் செய்தார். மேலே பத்தி எழுத்தைப் பாருங்கள், C, D, E இல்லாமல் மூன்றெழுத்தாக இருந்தால் ஒன்றும் அழியவில்லை, Ctrl+Home அழுத்துங்கள் என்றேன். இதையே Formulas மெனுவின் Name Manager வழியாகச் செய்திருந்தால் அந்தப் பெயர் செல்லாது என்று சொல்லியிருக்கும், இந்தச் சின்னப் பெட்டி மட்டும் வாயே திறக்காது.

Apr_2024 என்று நடுவில் அடிக்கோடு போட்டால் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பட்டியல் அகரவரிசையில்தான் வரும், ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட், அப்புறம் டிசம்பர். அதனால் நான் Y24_04, Y24_05 என்று வைத்து Y25_03-இல் நிதியாண்டை முடிக்கிறேன். பார்க்க அழகாக இல்லை, ஆனால் வரிசை சரியாக நிற்கிறது.

இன்னொரு எரிச்சலும் இதே பெயர்களால்தான். ஏப்ரல் பாக்கியை ஒருவர் மே மாதம் கட்டுகிறார், அதை ஏப்ரலில் சேர்க்க வேண்டும். 187-ஆவது வரிக்குக் கீழே புது வரி செருகி எழுதினால் பெயர் அதைச் சேர்த்துக்கொள்ளாது, பழைய E187-ஓடு நின்றுவிடும், `=SUM(Y24_04)` ஒரு ரசீது குறைவாகக் காட்டும். வரம்புக்கு நடுவில் செருகினால் மட்டும்தான் அது விரியும். ஆகவே ஒவ்வொரு மாதத்தின் கடைசியிலும் ஒரு காலி வரி விட்டு, அதையும் பெயருக்குள் சேர்த்து, சாம்பல் நிறம் பூசி வைத்திருக்கிறேன். புதிதாக எது வந்தாலும் அந்தச் சாம்பல் வரிக்கு மேலே செருக வேண்டும். சந்தேகம் வந்தால் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பேன், நிழல் சாம்பல் வரி வரை விழுந்தால் சரி.

சரி, வாங்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி கேட்டால்: உறைய வைப்பதை இன்றைக்கே செய்யுங்கள், C4, வேறு யோசனையே வேண்டாம். பெயர்களை இவ்வளவு புகழ்ந்தாலும் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு பொருளாளர் மாறுகிறார், அடுத்து வருபவர் சாம்பல் வரியை 'வீண் வரி' என்று நினைத்து அழித்துவிட்டு, புது ரசீதுகளைக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போவார், கூட்டுத்தொகை உதைப்பது தணிக்கையின்போதுதான் தெரியும். நீங்கள் மாதத்தை வடிகட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், தேதி, தொகை என்று போட்டிருக்கிற தலைப்பு வரி முழுவதையும் தேர்ந்தெடுத்து Ctrl+Shift+L. என் ஷீட்டில் மட்டும் பெயர்கள் இருக்கட்டும், அதை யாரும் தொட வேண்டாம்.