மருந்துக்கடைக்கு ஆர்டர் ரிப்போர்ட் செய்து தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

8,500 ரூபாய் போய்விட்டது. நேற்று ராத்திரிதான் முழு விஷயமும் புரிந்தது, கோபம் இன்னும் அடங்கவில்லை. கடலூர், பாண்டி பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறவர்கள் யாரும் இதே பொறியில் விழக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மஞ்சக்குப்பத்தில் என் கடை. ஸ்டாக் கணக்கு எக்செல்லில் இருக்கிறது. எந்த மருந்து குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகிறதோ அதைத் தானாகக் காட்டுகிற ஒரு ரிப்போர்ட் வேண்டும் என்று, வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஒரு இணையதளத்தில் போட்டேன். பாண்டிச்சேரியில் இருந்து ஒருவர் வந்தார். பாதிப் பணம் முன்பணம், மீதி வேலை முடிந்ததும் என்று பேச்சு.

நான் அவரை நம்பியது எந்த இடத்தில் என்று சொல்கிறேன். லேப்டாப்பைக் கடைக்கே கொண்டுவந்து கல்லாவில் வைத்துத் திறந்தார். "நீங்களே ஒரு மருந்து சொல்லுங்க சார்" என்றார். 30/70 இன்சுலின் என்றேன். பெயரைத் தட்டினார், குறைந்தபட்சம் 10, இருப்பு 3 என்று தட்டினார். உடனே வரிசை சிவப்பாகி ORDER என்று வந்தது. இருப்பை 12 ஆக்கினார், சிவப்பு போய்விட்டது. கண்ணெதிரே வேலை செய்வதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் சந்தேகம் வரும்? மீதிப் பணத்தை அங்கேயே அனுப்பினேன். இணையதளத்தில் 'வேலை முடிந்தது' என்ற பட்டனையும் அவர் கேட்டபடி அமுக்கினேன்.

அப்புறம் தினமும் ராத்திரி அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் ஆர்டர் போட்டோம். பட்டியல் நிறையவே வந்தது, அதனால் எதுவும் தப்பாகத் தெரியவில்லை. ஆனால் போன வாரம் தேவனாம்பட்டினத்தில் இருந்து மாதாமாதம் வருகிற அம்மா இன்சுலினுக்கு வந்து நின்றார். ஃப்ரிட்ஜில் ஒரு குப்பிகூட இல்லை. "இங்க இருக்கும்னு நம்பித்தானேப்பா பஸ் ஏறி வந்தேன்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், சின்ன ஃப்ரிட்ஜில் வாங்கிக் குவிக்க முடியாது. அதனால்தான் அதற்குக் குறைந்தபட்ச அளவைக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 குப்பி போகும். ஆர்டர் போட்டால், இடையில் ஞாயிறு வந்தால்கூட 3 நாளில் சரக்கு வந்துவிடும். அதற்கு 6, இன்னும் 2 நாளுக்குக் கையிருப்பாக 4, மொத்தம் 10. இருப்பு 9 ஆனபோதே ரிப்போர்ட் கத்தியிருக்க வேண்டும். அது தீர்ந்துபோகும்வரை வாயே திறக்கவில்லை.

அவருக்கு போன் செய்தேன். "உங்க டேட்டா சுத்தமா இல்ல சார், என் ஃபார்முலா கரெக்ட்" என்றார். அடுத்த முறை, மீட்டிங்கில் இருக்கிறேன், சாயங்காலம் பார்க்கிறேன் என்றார். சாயங்காலம் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது, திருத்தம் செய்யத் தனியாக 3,000 ஆகும் என்று. 8,500 வாங்கிக்கொண்டு ஓடாத ரிப்போர்ட்டைக் கொடுத்தவர், அதை ஓடவைக்க 3,000 கேட்கிறார்! இணையதளத்துக்கு எழுதினால், வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள், இனி நாங்கள் தலையிட முடியாது என்று அச்சடித்த மாதிரி பதில்.

நேற்று என் மைத்துனர் வந்து ஃபைலைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு வரிசையிலும் இருந்தது இவ்வளவுதான்:

```
=IF(D2<E2,"ORDER","")
```

D இருப்பு, E குறைந்தபட்சம். "மாமா, இந்த 3 எண்ணே இல்ல, எழுத்து" என்றார். எங்கள் பில்லிங் மென்பொருள் கொடுக்கும் ஃபைலில் எண்கள் எழுத்தாகத்தான் பதிவாகின்றன. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிட்டால் எக்செல் எப்போதும் எழுத்தைத்தான் பெரியது என்று எடுத்துக்கொள்ளும். எழுத்தாக இருக்கிற 3, எண்ணான 10-ஐ விடப் பெரியது! அப்புறம் எப்படி ORDER வரும்? கல்லாவில் காட்டியபோது கையால் தட்டினாரே, அது எண். அதனால்தான் அன்று ஒழுங்காக வந்தது.

இதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அன்றன்று விற்ற மருந்துகளின் மீதியை மட்டும் நகலெடுத்து ஒட்டுவதற்கு அவர் ஒரு பட்டன் வைத்துக் கொடுத்திருந்தார். அந்தப் பட்டன் தொட்ட வரிசையெல்லாம் எழுத்தாகிவிடும். விற்காமல் கிடப்பவை மட்டும் நாங்கள் முதலில் கையால் ஏற்றிய எண்ணாகவே இருக்கும். அதாவது, ஓடுகிற மருந்து பட்டியலில் வரவே வராது, ஓடாதது மட்டும் தினமும் வரும். எங்கள் பட்டியல் நிறைந்து தெரிந்ததற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு தப்பும் இருந்தது. வரிசை ஒவ்வொன்றும் ஒரு பேட்ச். கால்சியம் சிரப்புக்குக் குறைந்தபட்சம் 10. ஒரு பேட்சில் 7, இன்னொன்றில் 6, ஆக 13 இருக்கிறது, வாங்கவே தேவையில்லை. இவர் ரிப்போர்ட் தனித்தனியாக ஒப்பிட்டு இரண்டு வரிசையிலும் ORDER போட்டது, நாங்களும் வாங்கி அடுக்கியிருக்கிறோம். காலாவதி தேதியை அது பார்க்கவே இல்லை. தேதி முடிந்த பேட்சும் இருப்புக் கணக்கில்தான்.

மைத்துனர் மருந்து ஒன்றுக்கு ஒரே வரிசை என்று வேறு ஷீட் போட்டார். A-யில் பெயர், B-யில் குறைந்தபட்சம். இதை எழுதினார்:

```
=IF(SUMIFS(Stock!D:D,Stock!A:A,A2,Stock!C:C,">="&(TODAY()+30))<B2,"ORDER","")
```

Stock ஷீட்டில் A பெயர், C காலாவதி, D இருப்பு. ஒரே மருந்தின் எல்லா பேட்சையும் கூட்டும், 30 நாளுக்குள் தேதி முடிவதை விட்டுவிடும். எழுத்தாக இருக்கிற எண்ணை SUMIFS கூட்டாது, அதனால் தவறு வந்தால்கூட இருப்பு குறைவாகத் தெரிந்து ORDER என்றுதான் வரும். மருந்து தீர்ந்துபோய் நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். பெயர் மட்டும் இரண்டு ஷீட்டிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும். இருப்பு நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Data, Text to Columns, Finish கொடுத்ததும் எழுத்தெல்லாம் எண்ணாகிவிட்டது. டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. இதற்குத்தான் 8,500!

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் வருமா தெரியாது. நீங்கள் யாரிடமாவது கொடுப்பதாக இருந்தால், அவர் கையால் தட்டிக் காட்டுவதை நம்பாதீர்கள். உங்கள் பில்லிங் ஃபைலை அன்றைக்கே ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். கீழே உள்ளதைப் போட்டுப் பாருங்கள், 0 தவிர வேறு எது வந்தாலும் அத்தனை வரிசையில் எழுத்து இருக்கிறது:

```
=COUNTA(D2:D2000)-COUNT(D2:D2000)
```

இரண்டு பேட்ச் உள்ள மருந்து ஒன்றையும், தேதி முடிந்தது ஒன்றையும் சரிபாருங்கள். ஒரு வாரம் ஓட்டிப் பார்க்காமல் மீதிப் பணமும் கொடுக்காதீர்கள், அந்த 'வேலை முடிந்தது' பட்டனையும் அமுக்காதீர்கள்.