டியாகோ ஈவிக்கு எந்த டயர்: ரேஞ்சா, ஆயுளா, அமைதியா?

டியாகோ ஈவியின் டயர் அளவு 175/65 R14. பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கும் இதே அளவுதான், அதனால் கடையில் டயருக்குப் பஞ்சமில்லை. குழப்பமும் அதனால்தான். தேய்ந்த டயரோடு போய் நின்றால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கும்: உருள் தடை குறைந்த ‘எகோ’ டயர், நெடுநாள் உழைக்கும் கனமான டயர், பக்கவாட்டில் XL என்று அச்சிட்ட கூடுதல் சுமை டயர்.

முதலில் உருள் தடை. டயர் தரையைத் தொடும் இடம் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. அதில் ரப்பர் சூடாகி வீணாகும் சக்திதான் இது. நல்ல எகோ டயரில் ஒரு டன் எடைக்கு ஏறக்குறைய 7 கிலோ இழுவிசை போதும், சுமாரான டயருக்கு 10 வேண்டும். ஆட்களோடு கார் 1,300 கிலோ என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 4 கிலோ இழுவிசைக்குச் சற்றுக் குறைவு. கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 100 கி.மீ. ஓடி முடிக்கையில், மோட்டார் இழப்பையும் சேர்த்து, சுமார் 1.2 யூனிட் ஆகிவிடும். நூறு கி.மீ.க்கு 12 யூனிட் குடிக்கும் காரில் அது பத்தில் ஒரு பங்கு, 200 கி.மீ. போகிற வண்டி 180-இல் நிற்கும். யூனிட் 8 ரூபாய் என்றால் 40,000 கி.மீ.யில் நான்காயிரத்துக்குப் பக்கம்தான் மிச்சம், அதாவது ஏறத்தாழ ஒரு டயர் காசு. ஆக, எகோ டயரை வாங்குவது பணத்துக்காக அல்ல, அந்த 20 கி.மீ.க்காக.

உழைப்பு டயரின் பலம் ஆழமான டிரெட், அதாவது தரையைத் தொடும் வரிப்பள்ளமுள்ள ரப்பர். அதே ஆழம்தான் உருள் தடையையும் கூட்டுகிறது, ஏனென்றால் நசுங்க ரப்பர் அதிகம். சில எகோ டயர்கள் டிரெட்டை மெலிதாக்கியே தடையைக் குறைக்கின்றன. அவை சீக்கிரம் தேயும். ஆகவே கடையில் ஆழமானியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புதிதிலேயே ஆறரை மி.மீ.தான் என்றால், 1.6 மி.மீ. சட்ட வரம்பு வரை மிஞ்சுவது ஐந்துக்குள். எட்டு இருந்தால் ஆறுக்கு மேல் கிடைக்கும். மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பி.இ.இ.யின் ஸ்டார் ஸ்டிக்கர் இருந்தால் நல்லது, ஆனால் அந்த நட்சத்திரங்கள் உருள் தடைக்கானவை. மழையில் பிடிக்குமா, எத்தனை நாள் உழைக்கும் என்பதை அவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

இங்கே ஒரு கண்கட்டு உண்டு. அதே கம்பெனி, அதே மாடல் டயரைப் புதிதாகப் போட்டாலும் ரேஞ்ச் குறைந்த மாதிரிதான் தெரியும். தேய்ந்த டயருக்கு உருள் தடை குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று: ஆறு மி.மீ. தேய்ந்தால் 58 செ.மீ. விட்டத்தில் 12 மி.மீ. போய்விடும். சக்கரம் சிறுத்ததால் மீட்டர் இரண்டு சதவீதம் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்திருக்கும், அது நமக்குத் தெரிந்திருக்காது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் இதை நினைத்துக்கொள்ளலாம். புது டயரை ஆயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

எடையைச் சொல்லித்தான் கடைக்காரர்கள் XL டயரை நம் தலையில் கட்டுவார்கள்: “ஈவி சார், வெயிட் ஜாஸ்தி.” பக்கவாட்டில் சுமை எண் 82 என்று போட்ட டயர் ஒன்று 475 கிலோ தாங்கும், நான்கும் சேர்ந்து 1,900. ஐந்து பேரும் பெட்டியும் ஏறினாலும் இந்தச் சின்னக் கார் அதற்குக் கீழேதான். XL-இன் 86 என்பது 530 கிலோ. ஆனால் அது சுமார் 42 பி.எஸ்.ஐ. காற்றில் மட்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்படி முப்பத்துச் சொச்சம் அடித்தால் அந்தக் கூடுதல் பலம் ஏட்டுச் சுரைக்காய். கார் கம்பெனி போட்ட டயரின் சுமை எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் போதும். எடையும் மோட்டாரின் திடீர் இழுவையும் நிஜமாகத் தின்பது முன் டயர்களை, ஏனென்றால் ஓட்டமும் ரீஜென் பிரேக்கும் அவற்றின் தலையில்தான். எட்டாயிரம் கி.மீ.க்கு ஒருமுறை முன்பின் மாற்றுவது XL-ஐவிட உதவும்.

சத்தம் பற்றி லேபிளை நம்ப வேண்டாம். ஐரோப்பிய லேபிளின் டெசிபல் எண் வண்டிக்கு வெளியே, ரோட்டோரத்தில் அளந்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்பது வேறு. உட்புறம் ஸ்பாஞ்ச் ஒட்டிய டயர்கள் தமக்குள் அடைபட்ட காற்றின் தாழ்ந்த உறுமலை மட்டும் அடக்கும், டிரெட்டின் சீறலை அல்ல. 14 அங்குலத்தில் அவை கிடைப்பதும் அரிது. இந்தக் காரில் சத்தம் பெரும்பாலும் தேய்மானத்தில் இருந்து வரும். டிரெட் மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பப் பல் போலவும் நெருடினால், 60 கி.மீ. வேகத்தில் கேட்கும் ‘ஊ…’ங்கிற முனகல் அதுதான். அலைன்மென்ட்டைச் சரிபார்த்து டயரை முன்பின் மாற்றினால் மெதுவாக அடங்கும்.

என் கணக்கில், நெடுஞ்சாலையில் சார்ஜர் தேடி ஓடுகிறவருக்கு எகோ டயர், அதுவும் எட்டு மி.மீ.க்குப் பக்கம் ஆழமுள்ளது. தினம் 30 கி.மீ. ஓட்டி வீட்டிலேயே சார்ஜ் போடுகிறவர் உழைப்பு டயரை எடுத்துக்கொள்ளலாம், ரேஞ்ச் குறைவது அவருக்குத் தெரியப்போவதே இல்லை. XL-க்கு நான் காசு கொடுக்கமாட்டேன்.