1900-ஆ, 1904-ஆ? இல்லாத பிப்ரவரி 29-க்கே என் ஓட்டு

எக்செலில் ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
=TEXT(60,"dd-mm-yyyy")
```

29-02-1900 என்று வரும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 தேறியது, 1900 தேறவில்லை.

இந்தப் பிழை எக்செலில் பிறந்ததல்ல. 1983-இல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் தேதிகளை 1900 ஜனவரி 1-இலிருந்து எண்ணியது. நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். 1900-ஐத் தவிர 2099 வரை அந்த விதி எங்கும் தப்பாது. பின்னால் வந்த எக்செல், லோட்டஸ் கோப்புகளைத் திறந்தால் தேதி மாறக்கூடாது என்பதற்காகத் தெரிந்தே அந்தப் பிழையையும் சேர்த்து வாங்கிக்கொண்டது.

எக்செலுக்குள்ளேயே இதற்கு ஒரு மாற்று உண்டு. பழைய மேக் எக்செல் 1904 ஜனவரி 1-ஐப் பூஜ்யமாக வைத்து எண்ணியது. 1900 அதன் எல்லைக்குள்ளேயே வராததால் பொய் நாளும் இல்லை. இன்றும் அமைப்புகளில் `Use 1904 date system` என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறது. பார்த்தவுடன் "சரியானது இருக்கும்போது தப்பானது எதற்கு?" என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது.

புத்தி வந்தது பழைய மேக் கோப்பு ஒன்றிலிருந்து தேதிகளை என் கோப்புக்கு ஒட்டியபோது. 2024 ஜனவரி 1 என்று இருந்த வரி 2019 டிசம்பர் 31 ஆகிவிட்டது. எக்செல் கட்டத்துக்குள் வைத்திருப்பது தேதியை அல்ல, வெறும் எண்ணை. அதே நாள் 1900 முறையில் 45292, 1904 முறையில் 43830. ஒட்டும்போது எண் அப்படியே வந்து, புதுக் கோப்பின் கணக்கில் வேறு நாளாகிவிடுகிறது. வித்தியாசம் எப்போதும் 1462 நாள், அதாவது நான்கு ஆண்டும் ஒரு நாளும். எங்கும் பிழைச் செய்தி வராது. தேதிகளெல்லாம் நம்பும்படியே இருக்கும், அதுதான் ஆபத்து. நான் கண்டுபிடித்ததுகூட, ஒரு பில் தேதி அந்த வாடிக்கையாளர் எங்களிடம் வந்ததற்கே முந்தையதாக இருந்ததால்தான். ஒரு கட்டத்தில் 1462 என்று எழுதி நகலெடுத்து, தேதிப் பகுதி முழுவதையும் தேர்ந்தெடுத்து, பேஸ்ட் ஸ்பெஷலில் `Add` கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் எந்த வரிகள் எந்தக் கோப்பிலிருந்து வந்தன என்று பிரிப்பதற்குள் ஒரு மதியம் போய்விட்டது.

அதோடு ஒப்பிட்டால் பொய் பிப்ரவரி 29 செய்யும் கெடுதல் எவ்வளவு? 1900-இன் முதல் 59 நாட்களுக்குக் கிழமை தப்பாகும். ஜனவரி 1 திங்கட்கிழமை, `=WEEKDAY(1)` ஞாயிறு என்கிறது. அந்த பிப்ரவரி முடிவைத் தாண்டும் இடைவெளிகளில் ஒரு நாள் கூடும். அவ்வளவுதான். கொள்ளுத்தாத்தாவின் பிறந்த கிழமை பார்ப்பவர் கவலைப்படட்டும், கணக்குப் பிள்ளை கவலைப்பட வேண்டாம். இதைத் திருத்தப்போனால் 1900 மார்ச் 1-க்குப் பிந்தைய ஒவ்வொரு தேதியும், அதாவது உலகத்திலுள்ள ஏறக்குறைய எல்லாக் கோப்பும், ஒரு நாள் நகரும். மைக்ரோசாஃப்ட் தொடாமல் விட்டதற்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

1904 பக்கம் ஒரு நியாயம் உண்டு. நேரத்தைக் கழித்து விடை எதிர்மறையானால் 1900 முறை ##### என்று நிரப்பும், 1904 முறை ஒழுங்காகக் காட்டும். ஓவர்டைம் கணக்குக்கு அது வசதி. அதற்காக நான் ஒரே ஒரு கோப்பில்தான் 1904-ஐ வைத்துப் பார்த்திருக்கிறேன், அதுவும் வேறு கோப்போடு ஒட்டு உறவு இல்லாத கோப்பு. நிறையப் பயன்படுத்தியவர் வேறு மாதிரி சொல்லலாம்.

லிப்ரெஆபிஸும் கூகுள் ஷீட்ஸும் செய்த தந்திரம் எனக்குப் பிடித்தது. அவை எண்ணத் தொடங்குவது 1899 டிசம்பர் 30-இலிருந்து. பிப்ரவரி 28 அங்கே 60, மார்ச் 1 எக்செலில் உள்ளது போலவே 61. பொய் நாளும் இல்லை, அதற்குப் பிந்தைய எண்களும் மாறவில்லை. எக்செல் எண்களை பைத்தானில் தேதியாக்கும்போது நானும் அதையே வைக்கிறேன்:

```
date(1899, 12, 30) + timedelta(days=45292)
```

1900 ஜனவரி 1 என்பது 1 என்றால் பூஜ்யம் டிசம்பர் 31-தானே என்று நினைத்து 31 போட்டால், 2024 ஜனவரி 2 வந்து நிற்கும்.